கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது ஏன்?

சில மாதங்களுக்கு முன் நாவலூருக்கு நாம் சென்றிருந்தபோது, பக்கிங்காம் கால்வாயின் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்த பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் பார்த்தபோது இந்தப் படிக்குக் கீழே இருந்த தண்ணீர் இப்போது படியைத் தொடுகிறது. கடல் ஏறுகிறது என்கிறார்கள், சந்திரன் இழுக்கிறது என்கிறார்கள். சந்திரன் நம் தலைக்கு மேல் ஒரு நாளில் ஒருமுறைதானே வருகிறது? தண்ணீர் மட்டும் இருமுறை ஏறுவானேன்?"

கேள்வி மிக நியாயமானது. பள்ளியில் படித்தவர்களிலும் பலர் இதற்கு விடை கூறத் தயங்குவர். கால்வாயும் முட்டுக்காட்டு முகத்துவாரமும் அருகிலிருக்க, மழைக்காலத்தில் வெள்ளம் வடிவதை எதிர்நோக்கி நிற்கும் ஊர்களுக்கு இது வெறும் ஏட்டறிவும் அன்று. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம். கடல் பொங்குவதை ஏற்றம் என்றும், வடிவதை வற்றம் என்றும் இங்கு வழங்குவோம். தண்ணீர் இறைக்கும் ஏற்றத்துடன் இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உலகில் உள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் தன்பால் இழுக்கிறது. இதனை நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் நிலைநாட்டி, கடல் ஏறி இறங்குவதற்கும் இதுவே காரணம் என்று காட்டினார். இந்த இழுப்புக்கு ஒரு விதி உண்டு. தொலைவு கூடக்கூட இழுப்பு குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகிறது. நம் விடை முழுவதும் இந்த ஒரு விதியிலேயே அடங்கியிருக்கிறது.

பூமியின் நடுவிலிருந்து சந்திரன் சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் ஆரம் ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர். அதாவது, பூமியின் ஆரத்தை ஓர் அளவுகோலாகக் கொண்டால் சந்திரன் அறுபது கோல் தொலைவில் உள்ளது. சந்திரனை நோக்கியுள்ள பக்கத்துக் கடல் ஐம்பத்தொன்பது கோல் தொலைவிலும், எதிர்ப்பக்கத்துக் கடல் அறுபத்தொரு கோல் தொலைவிலும் இருக்கின்றன. எனவே முன்பக்கத்துக் கடலைச் சந்திரன் இழுக்கும் இழுப்பு, பூமியின் நடுவை இழுப்பதைவிட நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும், பின்பக்கத்துக் கடலை இழுப்பது ஏறக்குறைய அதே அளவு குறைவாகவும் இருக்கின்றன.

இனி, மூன்று மாட்டு வண்டிகள் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதாகக் கொள்வோம். முதல் வண்டியின் மாடுகள் சற்று விரைவானவை. கடைசி வண்டியின் மாடுகள் சற்று மந்தமானவை. மூன்றும் ஒரே திசையில்தான் செல்கின்றன. ஆயினும் நடு வண்டியில் அமர்ந்திருப்பவர் என்ன காண்பார்? முன்னால் உள்ள வண்டி தம்மைவிட்டு முன்னே விலகுவதையும், பின்னால் உள்ள வண்டி தம்மைவிட்டுப் பின்னே விலகுவதையும் காண்பார். பின்வண்டியை யாரும் பின்னோக்கி இழுக்கவில்லை. நடு வண்டி சென்ற வேகத்தில் அது செல்லவில்லை, அவ்வளவே.

நடு வண்டிதான் பூமி. முன்வண்டி சந்திரனை நோக்கியுள்ள கடல். பின்வண்டி மறுபக்கத்துக் கடல். மூன்றையும் சந்திரன் தன்பால் இழுக்கிறது. முன்பக்கத்து நீர் பூமியைவிடச் சற்று அதிகமாக இழுக்கப்படுவதால் முந்துகிறது. பின்பக்கத்து நீர் பூமியைவிடச் சற்றுக் குறைவாக இழுக்கப்படுவதால் பிந்துகிறது. பூமியின்மேல் நிற்கும் நமக்கு இரு பக்கங்களிலும் நீர் மேடிட்டதாகவே தோன்றும். பூமி நாளுக்கு ஒருமுறை சுழலும்போது ஒவ்வொரு கரையும் இவ்விரண்டு மேடுகளையும் கடந்தாக வேண்டும். ஆகவேதான் இருமுறை ஏற்றம், அவற்றின் இடையே இருமுறை வற்றம்.

சந்திரன் இழுத்தால் பூமி அதன்மேல் போய் விழாதோ என்று கேட்கலாம். உண்மையில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் ஓட்டமும் இருப்பதால், இரண்டும் தம்மிடையேயுள்ள ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றி வருகின்றன. இதனை வைத்துச் சிலர், முன்பக்கம் சந்திரன் இழுப்பதால் மேடு, பின்பக்கம் பூமி சுழற்றி வீசுவதால் மேடு என்று இரண்டு காரணம் கூறுவர். அது தேவையற்ற சுற்றுவழி. காரணம் ஒன்றே: ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் இழுப்பில் உள்ள வேற்றுமை.

இவ்வேற்றுமை எவ்வளவு சிறிது என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும். சந்திரன் நேர் உச்சியில் இருக்கும்போது ஒரு பொருளின் எடை ஏறக்குறைய தொண்ணூறு லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது. அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்கு இது ஏழு மில்லிகிராமுக்கும் குறைவு. சில அரிசி நொய்களின் எடைகூட இராது. இவ்வளவு சிறிய சக்தி கடலைத் தூக்கிவிட முடியுமா? முடியாது, தூக்குவதும் இல்லை. சந்திரனுக்கு நேர் கீழே உள்ள நீர் மேலே இழுக்கப்பட்டு எழுவதன்று ஏற்றம். உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில் சந்திரனின் இழுப்பு நீரைச் சாய்வாக, கிடைமட்டத்தில் மெல்ல நகர்த்துகிறது. கிடைமட்டமாக நகர்வதை எதிர்த்துப் பூமியின் எடையிழுப்பு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பிலிருந்து இவ்வாறு சிறிது சிறிதாக நகரும் நீர் ஓரிடத்தில் வந்து சேரும்போதுதான் மேடு உண்டாகிறது.

நம் ஏரி ஏன் பொங்குவதில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை உள்ளது. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள ஏரியில் சந்திரனின் இழுப்பு ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே உண்டாக்கும் மட்ட வேற்றுமை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. சேர்ப்பதற்கு அங்கே நீர்ப்பரப்பு இல்லை. கிணற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இதுவரை கூறியதில் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. பூமி முழுவதும் ஒரே ஆழமான கடலாக இருந்து, நீரும் மேடும் சந்திரனோடு தடையின்றி ஓட முடிந்தால்தான் மேடு சரியாகச் சந்திரனுக்கு நேர் கீழே நிற்கும். உண்மைக் கடலில் அது இயலாது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் நீண்ட அலை மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆனால் பூமத்திய ரேகையில் பூமி சுழலும் வேகம் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். அலையால் சந்திரனைத் தொடர்ந்து ஓட இயலவில்லை. போதாக்குறைக்குக் கண்டங்கள் குறுக்கே நிற்கின்றன. ஆகையால் ஒவ்வொரு கடலும், தொட்டியிலுள்ள நீர் ஆட்டியதற்கேற்ப அலைவது போல, சந்திரனின் தாளத்துக்குத் தன் வடிவத்துக்கேற்றபடி அசைந்தாடுகிறது. தாளம் சந்திரனுடையது; உயரத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பது கடலின் ஆழமும் கரையின் அமைப்பும்.

இதனாலேயே ஊருக்கு ஊர் அளவு மாறுகிறது. குஜராத்தில் புனல் போலக் குறுகிச் செல்லும் காம்பே வளைகுடாவில் நீர் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். சென்னைக் கடலிலோ மிகுதியான நாட்களில் ஒரு மீட்டர், குறைவான நாட்களில் நாற்பது சென்டிமீட்டர் அளவே. நேரமும் அவ்வாறே. அமாவாசையன்று சந்திரன் நண்பகலில் உச்சிக்கு வருகிறது. ஆனால் சென்னையில் அன்று ஏற்றம் நண்பகலில் வருவதில்லை. காலையிலும் இரவிலும் எட்டு, ஒன்பது மணியளவில் வருகிறது. கடல் தன் வசதிப்படியே ஆடுகிறது என்று கூறியதற்கு இது சான்று.

மிகுதியான நாட்கள், குறைவான நாட்கள் என்றோம். இதற்குக் காரணம் சூரியன். சூரியன் பூமியை இழுக்கும் இழுப்பு, சந்திரனின் இழுப்பைப் போல் ஏறக்குறைய நூற்றெண்பது மடங்கு. ஆயினும் கடலை அசைப்பதில் சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிகூட இல்லை. சூரியன் பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பூமியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அதன் இழுப்பில் வேற்றுமை மிகச் சிறிது. வண்டிகளை நினைவுகூர்க: மாடுகள் எவ்வளவு வலியவை என்பதன்று கணக்கு, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே கணக்கு.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால், சூரியன் எழுப்பும் மேடும் சந்திரன் எழுப்பும் மேடும் ஒன்றன்மேல் ஒன்று சேருகின்றன. ஓரிரு நாட்கள் கழித்து ஏற்றம் உச்சத்தை அடைகிறது. வற்றமும் அந்நாட்களில் மிக ஆழமாக இருக்கும். அஷ்டமியில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால், சந்திரன் எழுப்பியதைச் சூரியன் ஓரளவு கரைத்துவிடுகிறது. அப்போதுதான் நாற்பது சென்டிமீட்டர்.

சந்திரன் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருவதால், ஏற்றமும் அவ்வாறே பிந்துகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சராசரி இடைவெளி 12 மணி 25 நிமிடம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறக்குறைய ஆறேகால் மணி. நம் வீட்டுப் பஞ்சாங்கம் இதற்கு அழகான ஒரு வாய்ப்பாட்டைத் தருகிறது. ஒரு சந்திர மாதத்தில் முப்பது திதிகள். ஒரு நாளில் அறுபது நாழிகைகள். ஒரு மாதத்தில் சந்திரன் ஒரு முழு நாள் பிந்துகிறது. ஆகவே திதிக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமாவாசையன்று சென்னைக் கடலில் ஏற்றம் காலை எட்டரை மணிக்கு என்று கொள்க. வளர்பிறைப் பஞ்சமியன்று ஐந்து திதிகள் கடந்துள்ளன. ஐந்துக்குப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். ஏற்றம் பகல் பன்னிரண்டரை மணிக்கு. வற்றம் அதற்கு ஆறேகால் மணி பின்னும் முன்னுமாக, மாலை ஆறே முக்காலுக்கும் காலை ஆறேகாலுக்கும். பௌர்ணமிக்குள் பதினைந்து திதிகளும் முப்பது நாழிகைகளும் கடந்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஏற்றம் நாளுக்கு இருமுறை வருவதால் மீண்டும் எட்டரைக்கே வந்து நிற்கிறது. எனவே பௌர்ணமியிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம்.

இக்கணக்கு ஒரு மணி நேரம் வரை முன்பின் ஆகலாம். சூரியனின் குறுக்கீடு சில திதிகளில் ஏற்றத்தை முந்தவும் சில திதிகளில் பிந்தவும் செய்கிறது. துல்லியமாக வேண்டுவோர் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்தல் வேண்டும். கால்வாய்க்கு வேறொரு திருத்தமும் தேவை. முகத்துவாரத்தின் வழியாக நுழையும் நீர் குறுகிய வாயிலையும் ஆழமற்ற வழியையும் கடந்து வருவதால், உள்ளே செல்லச் செல்ல ஏற்றத்தின் உயரம் குறைந்து, நேரமும் பிந்திவிடும். எவ்வளவு குறையும், எவ்வளவு பிந்தும் என்பது அந்தந்த இடத்திலும் அந்தந்தப் பருவத்திலும் அளந்தே அறியத்தக்கது. அளப்பது கடினமன்று. அங்குலக் கோடுகள் இட்ட ஒரு முளையைக் கால்வாய்க் கரையில் அடித்து, அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வந்தால் ஒரே நாளில் விளங்கிவிடும்.

நமக்கு இதில் முதன்மையான விஷயம் வெள்ளம் வடிதலாகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வழி நெடுகிலும் நிலம் மிகச் சமமானது. மேலே உள்ள நீருக்கும் கடல்மட்டத்துக்கும் இடையேயுள்ள சிறிய உயர வேற்றுமையே நீரை ஓடச் செய்கிறது. கடல் அரை மீட்டர் ஏறினால் அந்த வேற்றுமையில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஓட்டம் தளர்ந்து நீர் பின்தேங்கும். ஆகவே ஒரு நாளில் நன்றாக வடிவதற்கு நமக்குக் கிடைப்பவை, வற்றத்தையொட்டிய இரண்டு தவணைகளே.

இதைக் கேட்டவுடன், பெரு வெள்ளங்கள் எல்லாம் அமாவாசை, பௌர்ணமியின் வேலை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது பஞ்சாங்கத்தைப் பார்த்தால் பொய்த்துப்போகும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து, 3-ஆம் தேதி தேய்பிறை அரைநிலவு. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டிச் சென்றது; மறுநாள், 5-ஆம் தேதி, தேய்பிறை அரைநிலவு. இரண்டு வெள்ளங்களும் கடலின் ஏற்றம் மிகக் குறைவாக இருந்த நாட்களையொட்டியே வந்தன. அந்நாட்களில் சந்திரனும் சூரியனும் சேர்ந்து கடலைச் சராசரி மட்டத்துக்கு மேல் உயர்த்தியது இருபது சென்டிமீட்டர் அளவே. இதே மழை ஒரு வாரம் முன்போ பின்போ, நிறைநிலவையோ அமாவாசையையோ ஒட்டிப் பெய்திருந்தால், ஏற்ற வேளைகளில் நீர் இன்னும் ஓர் அடி உயரத்தில் தடுக்கப்பட்டிருக்கும். அவ்வகையில் நாம் தப்பினோம் என்றே கூற வேண்டும்.

சந்திரனைச் சாராத காரணங்களும் கடலை உயர்த்துகின்றன. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழும். புயற்காற்று கரையை நோக்கி வீசினால் நீரைத் தள்ளிக் குவிக்கும். இவையன்றி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலின் நீரோட்டங்கள் மாறுவதால் நம் கரையில் சராசரிக் கடல்மட்டமே ஆண்டின் பிற காலங்களைவிட உயர்ந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களிலேயே கடலும் உயர்ந்து நிற்பது நம் துரதிர்ஷ்டம். ஓத அட்டவணையில் புயலின் பங்கு இராது. மழைநாட்களில் அதன்மேல் இதனையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் நிலைமை வேறு. கோடையில் உள்ளிருந்து வரும் ஓட்டம் மெலியும்போது அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயிலை மூடுகின்றன. மூடியதைக் கடற்கரைக்குச் சென்றுதான் அறிய வேண்டும் என்பதில்லை. மேலே கூறிய முளையைப் பார்த்தாலே போதும்: நாள் முழுவதும் நீர்மட்டம் அசையாமல் நின்றால், கடலுக்கும் கால்வாய்க்கும் தொடர்பு அற்றுவிட்டது என்று பொருள். ஏற்றம் காட்டும் அளவு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தால், வாயில் குறுகி வருகிறது என்று பொருள். ஆனால் இரண்டு வாரங்களையேனும் ஒப்பிடாமல் இதனை முடிவு செய்தல் கூடாது. அஷ்டமி நெருங்கும்போது திறந்த வாயிலிலும் அளவு இயல்பாகவே குறையும். சென்ற பௌர்ணமியை இந்த அமாவாசையுடன் ஒப்பிடுவதே முறை.

அடைந்த மணலை வெட்டித் திறக்கும் பணியிலும் சந்திரனின் நேரத்துக்கு இடம் உண்டு. வற்றம் முடியும் தறுவாயில் வெட்டினால், நீர் சிறிது ஓடுவதற்குள் கடல் ஏறத் தொடங்கி, அலைகள் வெட்டிய வாயிலிலேயே மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும். வாய்க்காலை முன்னதாகவே வெட்டி, கடைசி வரப்பை மட்டும் விட்டுவைத்து, ஏற்றம் உச்சத்தை அடைந்து கடல் இறங்கத் தொடங்கும் வேளையில் அவ்வரப்பைத் திறப்பதே சரியானது. அப்போது ஆறு மணி நேரம் நீர் வெளியே பாய்ந்து, தானே மணலை அரித்து வாயிலை ஆழப்படுத்தும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து இதைச் செய்தால் வற்றம் ஆழமாக இருப்பதால் அரிப்பும் வலுவாக இருக்கும்; உள்ளே நீர்மட்டம் போதிய உயரத்தில் இருத்தல் மட்டும் அவசியம்.

அன்று கேள்வி கேட்ட உறுப்பினர், நாம் புறப்படும் முன் படித்துறையின் அருகே ஒரு மூங்கில் முளையை அடித்துக் கோடுகளும் இட்டுவிட்டார். அன்று திரிதியை. மறுநாள் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று திதிக் கணக்கால் சொல்லிவிட்டு வந்தோம். கால்வாயில் அது நாம் கூறியதைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்ததாகத் தொலைபேசியில் தெரிவித்தார். அந்த ஒன்றரை மணிதான் முகத்துவாரத்திலிருந்து அப்படித்துறைக்கு நீர் வந்து சேர அன்று எடுத்துக்கொண்ட காலம்; அதனை முளையின் அருகே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.